முடிச்சு எந்தப் பக்கம்?

முகலாயச் சிற்றோவியத்தில் இருப்பவர் யார் என்று அறிய எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முகத்தோடு அக்குளையும் பார்க்க வேண்டும். அரசவையினர் அணிந்த ஜாமாவின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஜாமாவுக்குப் பொத்தான் கிடையாது. மார்பைப் பிடித்தாற்போல் மேல்பகுதி. இடுப்பில் சுருக்கம் வைத்துத் தைத்த, பாவாடைபோல் விரியும் கீழ்ப்பகுதி. முன்புறத்து இரு மடல்களில் ஒன்றை உள்ளே நாடாவால் கட்டிவிட்டு, மற்றதை அதன்மேல் குறுக்காகப் போர்த்தி அக்குளுக்குக் கீழே முடிவார்கள். அவைக்கு வரும் முஸ்லிம்கள் வலப்பக்கமும் இந்துக்கள் இடப்பக்கமும் முடிவது வழக்கமாக இருந்தது.

வாஷிங்டனில் உள்ள ஃப்ரீயர் கலைக்கூடத்து ஓவியம் ஒன்றைப் பாருங்கள். மணற்கடிகை ஆசனத்தில் ஜஹாங்கீர் அமர்ந்து சூஃபி ஞானி ஒருவருக்கு நூல் வழங்குகிறார். துருக்கிய சுல்தானும் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸும் கீழே காத்திருக்கிறார்கள். இடது மூலையில், கையில் சிறு படத்தோடு மஞ்சள் ஜாமா அணிந்தவர்தான் இதை வரைந்த பிசித்தர். அவர் ஜாமாவின் முடிச்சு இடப்பக்கம் இருப்பதை வைத்தே, அவர் இந்து என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். மன்னர்களோடு ஒரே படத்தில் தன்னையும் வரைந்துகொண்ட துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

காலத்தைச் சொல்வது ஜாமாவின் விளிம்பு. அக்பர் காலப் படங்களில் விளிம்பு பல முனைகளாகக் கூர்ந்து தொங்கும். இதற்குச் சக்தார் ஜாமா என்று பெயர். ஜஹாங்கீர் காலத்தில் அது மறைந்து, வட்ட விளிம்பே நிலைத்தது. பிறகு நீளம் கூடிக்கொண்டே போய், 18ஆம் நூற்றாண்டில் கணுக்காலைத் தொட்டது.

இடுப்பில் சுற்றிய பட்கா இன்னொரு சாட்சி. கட்டார் என்னும் குத்துவாளைச் செருகுவதும் அதில்தான். அதன் இரு முனைகளும் முன்னால் தொங்கும். ஷாஜஹான் காலத்தில் அந்த முனைகளில் வேரோ தண்டோ தெரிய நிற்கும் பூச்செடிகள் வரிசையாகப் பூக்கின்றன. தாஜ்மகாலின் சுவர்களில் செதுக்கிய பூச்செடிகளும் அதே ரசனையில் பிறந்தவைதாம்.

ஜாமாவுக்கு மேல் முன்பக்கம் திறந்த நீள அங்கியை யாராவது போட்டிருந்தால் அது சோகா. அதற்கு முடிச்சு இல்லாததால், உள்ளே இருக்கும் ஜாமாவையும் பட்காவையும் அது மறைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஓவியர்கள் பழைய படத்தின் கோடுகளை மெல்லிய தோலில் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் பயன்படுத்தினார்கள். அந்தத் தோலைத் திருப்பிப் போட்டால் உருவம் முழுவதும் இடவலமாக மாறிவிடும், முடிச்சும் சேர்ந்து. அதனால் முதலில் வாள் எந்த இடுப்பில் தொங்குகிறது என்று பாருங்கள். வலக்கைக்காரர் அதை இடப்பக்கம்தான் தொங்கவிடுவார். வலப்பக்கம் தொங்கினால், அந்தப் படத்தின் முடிச்சை நம்பாதீர்கள்.