கடலட்டை: குறையக் குறைய விலை ஏறும் உயிர்

யாழ்ப்பாணத்துக் கரையில் கடலட்டை பிடிக்கிறவர்களில், அதைச் சமைத்துத் தின்று பார்த்தவர் எவரையும் நான் கண்டதில்லை. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, மேலிருக்கும் சுண்ணாம்புத் தோலைத் தேய்த்துக் களைந்து, மறுபடி அவித்துக் காயவைக்கிறார்கள். இருபது கிலோ பச்சை அட்டை காய்ந்து முடிய ஏறத்தாழ ஒரு கிலோதான் மிஞ்சும். அது கொழும்பு வழியாக ஹொங்கொங், சிங்கப்பூர் விருந்து மேசைகளுக்குப் போகிறது.

நம் களப்புகளில் விலைபோவது பெரும்பாலும் வெள்ளை அட்டை. கடற்புல் வளரும் சேற்று மணலில் பகலெல்லாம் புதைந்து கிடக்கும்; பொழுது சாய மேலே வரும். மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகலையும் நுண்ணுயிர்களையும் சீரணித்து, மிச்சத்தை வெளியே தள்ளும். புதைந்தும் எழுந்தும் மணலைப் புரட்டுவதால் அடியில் காற்றுப் படுகிறது. அதன் கழிவு கடற்புல்லுக்கு உரமாகிறது. அந்தப் புல்லுக்குள்தான் இறால் குஞ்சும் ஓராவும் ஒதுங்குகின்றன. அட்டை அழிந்தால் அதைத் தொடாத வலைக்காரருக்கும் நட்டம் வரலாம்.

இதன் பலவீனம் இனப்பெருக்கத்தில் இருக்கிறது. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விட்டுவிடும். இரண்டும் கிட்டக் கிட்ட இருந்தால்தான் கருக்கட்டும். ஆகவே கடலில் அட்டை மிச்சமிருக்கிறது என்பதை வைத்து ஆறுதல்பட முடியாது; தூரதூரமாகக் கிடந்தால் அவை உயிரோடு இருந்தும் குஞ்சு இல்லை.

மற்ற மீன் குறைந்தால் எண்ணெய்க் காசுக்கும் கட்டாது என்று தொழிலை விடுவார்கள். இங்கே குறையக் குறைய விலை ஏறுகிறது. "முந்தி முழங்கால் தண்ணியில காலில மிதிபடும், இப்ப சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கவேணும்" என்றார் ஒரு பழைய சம்மாட்டி. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து, கைகால் விளங்காமற் போகும் ஆபத்தையும் அந்த விலைக்காக ஏற்கிறார்கள். இரவில் வெளிச்சம் வைத்துப் பிடிப்பதற்கு எதிர்ப்பு எழுவதற்கும் காரணம் உண்டு: அட்டை வெளியே கிடக்கும் நேரம் அது, அள்ளலாம். 2018இல் வடமராட்சி கிழக்கு மீனவர் வெளிமாவட்டத்து அட்டைத் தொழிலாளருக்கு எதிராகத் திரண்டபோது இதுவும் ஒரு குறை.

பாக்கு நீரிணையின் மறுகரையில் சட்டம் வேறு. இந்தியா 2001இல் எல்லாக் கடலட்டையையும் பிடிக்கத் தடை செய்தது. இலங்கையிலோ அனுமதிப் பத்திரத்தோடு பிடிக்கலாம், ஏற்றுமதி செய்யலாம். அதனால் இராமநாதபுரக் கரையில் களவாகப் பிடித்தது படகேறி இங்கே வருகிறது. இரு கரைக் காவலரும் மூட்டைகளைப் பிடிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கருவாடாகிச் சாக்கில் கலந்துவிட்டால் எந்தக் கரையின் அட்டை என்று கண்ணால் பார்த்து யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்போது களப்புகளில் வலையடைத்து அட்டை வளர்க்கும் பண்ணைகள் பெருகியிருக்கின்றன. குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வந்தால் கடலின் சுமை குறையும். கடலில் பொறுக்கிய குஞ்சை அடைத்தால், அதே களவுக்கு வேலி போட்டதாகத்தான் முடியும். அடைப்புக்குள் அட்டைகள் நெருங்கிக் கிடப்பதால் முதிரும்வரை விட்டால் அங்கேயே முட்டை விடும், குஞ்சு வெளியேயும் பரவும். காசு முட்டுப்பட்டு சின்னதிலேயே விற்கிறவரின் பண்ணையில் அது நடக்காது.