எதிர்பாராத நிலத்தடி நிலைமைக் கோரிக்கை மறுப்புக் கடிதம்

தோண்டும்போது எதிர்பாராத நிலம் வந்ததாகச் சொல்லித் துணை ஒப்பந்ததாரர் கூடுதல் தொகை கேட்கையில், மண் ஆய்வுத் தரவுகளைக் காட்டி முதன்மை ஒப்பந்ததாரர் எழுதும் மறுப்பே இக்கடிதமாகும். பிடிக் 1999 ஒப்பந்தப் படிவத்தின் 4.12ஆம் பிரிவு கேட்பது ஒன்றைத்தான்: விலைப்புள்ளி தந்த நாளில், அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் இதை முன்னறிந்திருக்க முடியுமா?

நாவலூரில் பைல் போடுபவர், 9 மீட்டரில் கடும்பாறை வந்ததால் துளையிடும் செலவு கூடியது என்கிறார் என வைத்துக்கொள்வோம். அருகிலுள்ள போர்ஹோலில் 8.5 மீட்டரிலேயே பாறை பதிவாகியிருந்தால், அந்தப் போர்ஹோலின் எண்ணையும் ஆழத்தையும், அறிக்கை அவர் கைக்குச் சென்ற தேதியையும் கடிதம் குறிப்பிட வேண்டும். அந்தத் தேதி இல்லாவிட்டால் மற்றவை எடுபடா.

ஜிப்ரால்டர் விமான நிலையச் சுரங்கச்சாலை வழக்கிலும் கேள்வி இதுவே; அங்கே கேட்டவர் முதன்மை ஒப்பந்ததாரர். மாசடைந்த மண் சுமார் 10,000 கன மீட்டர் என அறிக்கை மதிப்பிட்டிருந்தது. அதற்கு மேற்பட்டது எதிர்பாராதது என அவர் வாதிட்டார். அறிக்கையின் எண்ணோடு நின்றுவிடாமல், இடத்தின் வரலாற்றையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று 2014இல் இங்கிலாந்து நீதிபதி மறுத்தார்.

ஆனால் போர்ஹோல் தன் புள்ளியை மட்டுமே காட்டும். அடுத்தடுத்த இரண்டில் பாறைமட்டம் பெரிதும் மாறுபட்டால், இடையே பாறை ஏறியிறங்கும் என்பதையும் முன்னறிந்திருக்கலாம். இரண்டிலும் ஆழமாக இருந்து, நடுவில் மட்டும் மேலே வந்திருந்தால் மறுப்பு நிற்பது கடினம்.