கோடிட்ட இடத்தில் ‘செல்ஃப்’ வருமா?

வேலைக்கான நேர்முகத் தேர்வு. “ப்ளீஸ் இன்ட்ரட்யூஸ் யுவர்செல்ஃப்” என்கிறார் அதிகாரி. “மைசெல்ஃப் குமார், ஃப்ரம் திருச்சி” என்று பதில் வருகிறது. நம் ஊரில் அன்றாடம் நடக்கும் உரையாடல்தான் இது. அதிகாரியின் வாக்கியத்தில் இருக்கும் ‘யுவர்செல்ஃப்’ சரி. பதிலில் இருக்கும் ‘மைசெல்ஃப்’ பிழை. ‘ஐ ஆம் குமார்’ என்றிருந்தால் போதும்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பள்ளிக்கூடத்தில் செயப்படுபொருளைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வினையிடம் ‘யாரை?’, ‘எதை?’ என்று கேட்க வேண்டும். ‘இன்ட்ரட்யூஸ்’ என்றால் அறிமுகப்படுத்து. யாரை? உன்னை. அறிமுகம் செய்பவரும் நீ, அறிமுகம் ஆகிறவரும் நீ. எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே ஆள் என்னும்போதுதான் ஆங்கிலம் ‘செல்ஃப்’ சேர்ந்த சொல்லைச் செயப்படுபொருள் இடத்தில் வைக்கிறது. குமாரின் பதிலில் அப்படி ஓர் இடமே இல்லை. அங்கே வேண்டியது எழுவாய். அந்த நாற்காலியில் ‘மைசெல்ஃப்’ தனியாக உட்கார முடியாது.

இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, போட்டித் தேர்வுகளிலும் ஆங்கிலப் பயிற்சி நூல்களிலும் வரும் கோடிட்ட இடங்களைப் பார்க்கலாம். ‘தேவையானால் மட்டும் நிரப்புக’ என்ற குறிப்போடு இவை வருவது வழக்கம். தொல்லையே அந்தக் குறிப்பில்தான். கோடு கண்ணில் பட்டதும் எதையாவது எழுதத்தான் கை போகும். சில கோடுகளை அப்படியே விட்டுவிடுவதே சரியான விடை.

எட்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம்.

1. த சில்ட்ரன் என்ஜாய்டு ____ அட் த பீச்.
2. த சில்ட்ரன் என்ஜாய்டு ____ த கேம்.
3. த நியூ டீச்சர் கேம் இன் அண்ட் இன்ட்ரட்யூஸ்டு ____ டு த கிளாஸ். ஷீ ஈஸ் ஃப்ரம் மதுரை.
4. ப்ளீஸ் பிஹேவ் ____, ரவி!
5. ஐ கான்ட் கான்சன்ட்ரேட் ____ வித் தட் நாய்ஸ்.
6. வீ மெட் ____ அட் த பஸ் ஸ்டாண்ட்.
7. ஹீ காட் அப், ஷேவ்டு ____ அண்ட் வென்ட் டு வொர்க்.
8. மை சன் ஈஸ் ஒன்லி ஃபோர், பட் ஹீ கேன் டிரெஸ் ____.

முதல் இரண்டும் வேண்டுமென்றே வைத்த இணை. தமிழில் ‘மகிழ்’ என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. ‘குழந்தைகள் கடற்கரையில் மகிழ்ந்தார்கள்’ என்றால் வாக்கியம் முடிந்தது. யாரை, எதை என்ற கேள்வி எழாது. ஆங்கிலத்தின் ‘என்ஜாய்’ அப்படியல்ல. அதற்குச் செயப்படுபொருள் கட்டாயம். இரண்டாம் வாக்கியத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. எதை ரசித்தார்கள்? ‘த கேம்’, விளையாட்டை. ஆகவே கோடு வெறுமையாகவே இருக்கும். முதல் வாக்கியத்தில் கோட்டுக்குப் பின் வருவது ‘அட் த பீச்’. அது இடத்தைச் சொல்கிறது, செயப்படுபொருள் ஆகாது. காலியான அந்த இடத்தில் ‘தெம்செல்வ்ஸ்’ வந்து உட்கார்கிறது.

நம்மவர்கள் ஓயாமல் சொல்லும் ‘வீ என்ஜாய்டு எ லாட்’ என்ற வாக்கியத்தின் குறை இங்கேதான் இருக்கிறது. ‘எ லாட்’ என்பது ‘ரொம்ப’ என்று அளவைத்தான் சொல்கிறது. எதை என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. ‘வீ என்ஜாய்டு அவர்செல்வ்ஸ் எ லாட்’ என்றாலோ, ‘வீ என்ஜாய்டு த டிரிப் எ லாட்’ என்றாலோ நிறைவு பெறும். ஓட்டலில் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு ‘என்ஜாய்!’ என்று மட்டும் சொல்லும் வழக்கம் உண்டு. ஏவலாகச் சொல்லும்போது மட்டும் செல்லுபடியாகும் விதிவிலக்கு அது. தேர்வுத்தாளில் அதை நம்பி இறங்க வேண்டாம்.

மூன்றாம் வாக்கியத்துக்கு விடை ‘ஹெர்செல்ஃப்’. ‘இன்ட்ரட்யூஸ்டு’ என்ற வினைக்கு ஆள் வேண்டும்; கோட்டுக்கு அடுத்து ‘டு த கிளாஸ்’தான் இருக்கிறது, அதாவது யாருக்கு என்பது. யாரை என்பது விடுபட்டிருக்கிறது. டீச்சர் ஆணா பெண்ணா என்பதை அடுத்து வரும் ‘ஷீ’ சொல்லிவிடுகிறது.

‘பிஹேவ்’ சுவையான வினை. அதற்குள்ளேயே ‘ஹேவ்’ ஒளிந்திருக்கிறது. ‘பி’ என்ற பழைய முன்னொட்டும் ‘ஹேவ்’ என்ற வினையும் சேர்ந்து உருவான சொல் அது. தன்னை ஒரு விதமாக வைத்துக்கொள்வது என்பதே அதன் பழைய பொருள். அதனால் தொடக்கத்தில் அது ‘செல்ஃப்’ இல்லாமல் நடமாடவில்லை. நாளடைவில் அந்தத் துணை இல்லாமலும் நடக்கப் பழகிவிட்டது. இன்று ‘பிஹேவ் யுவர்செல்ஃப்’ என்றாலும் சரி, ‘பிஹேவ்’ என்றாலும் சரி. நான்காம் வாக்கியத்தில் ‘யுவர்செல்ஃப்’ எழுதலாம், விடவும் செய்யலாம். வேறு ஆளை அந்த இடத்தில் வைக்கத்தான் முடியாது. ‘பிஹேவ் யுவர் பிரதர்’ என்று ஆங்கிலத்தில் எவரும் சொல்வதில்லை. ‘பேட்லி’, ‘வெல்’ போன்ற சொற்கள் பின்னால் வந்தால் பெரும்பாலும் ‘செல்ஃப்’ இல்லாமலே எழுதுவார்கள்.

ஐந்தாம், ஆறாம் வாக்கியங்களில் கோட்டைத் தொடவே கூடாது. ‘கான்சன்ட்ரேட்’ என்பது கவனம் செலுத்து. எதில் என்று கேட்கலாம். எதை என்று கேட்க முடியாது. ‘ரிலாக்ஸ்’, ‘ஃபீல்’ ஆகியவையும் இதே ரகம். ‘ஐ ஃபீல் டயர்டு’ என்பதில் ‘மைசெல்ஃப்’ நுழைய வழியில்லை. ‘மெட்’ என்பதற்குச் செயப்படுபொருள் வரலாம், ஆனால் இருவர் ஒருவரையொருவர் சந்தித்தால் ‘வீ மெட்’ என்பதே முழு வாக்கியம். ‘வீ மெட் அவர்செல்வ்ஸ்’ என்றால் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே சந்தித்துக்கொண்டது போல ஒலிக்கும்.

ஆங்கில இலக்கண நூல்கள் இந்த நான்கு வினைகளையும், அதாவது கான்சன்ட்ரேட், ரிலாக்ஸ், ஃபீல், மீட் ஆகியவற்றை, தனியாக எடுத்து எச்சரிப்பதுண்டு. ரேமண்ட் மர்ஃபி எழுதி 1985இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் முதலில் வெளியிட்ட ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’ நூலும் அப்படிச் செய்கிறது. அந்த எச்சரிக்கை ஐரோப்பிய மாணவருக்குத்தான் அதிகம் தேவை. ஜெர்மன் மொழியில் இந்த நான்குக்கும் இணையான வினைகள் ‘ஸிஷ்’ என்ற தற்சுட்டுச் சொல்லோடுதான் வரும். பிரெஞ்சிலும் ‘ஸ’ வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த மாணவர் தம் மொழிப் பழக்கத்தில் ‘ஐ கான்சன்ட்ரேட் மைசெல்ஃப்’ என்று எழுதிவிடுவார்.

தமிழ் மாணவரை இழுப்பது வேறொன்று: ‘கொள்’ என்ற துணைவினை. ‘சவரம் செய்துகொண்டான்’, ‘உடுத்திக்கொண்டாள்’, ‘சந்தித்துக்கொண்டார்கள்’, ‘தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்’, ‘ஒழுங்காக நடந்துகொள்’. ஐந்திலும் ‘கொள்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘செல்ஃப்’ கட்டாயம் வருவது நான்காவதில் மட்டும். ஐந்தாவதில் விருப்பம்போல. மற்ற மூன்றிலும் வழக்கமாகத் தேவையில்லை. அதேநேரம் ‘கொள்’ஐக் காணவே முடியாத ‘மகிழ்ந்தோம்’ என்பதற்கு ஆங்கிலம் ‘செல்ஃப்’ கேட்கிறது. ஆக, தமிழ் வாக்கியத்தில் ‘கொள்’ இருக்கிறதா என்று பார்த்து நிரப்பினால் பாதிக்குமேல் தவறும்.

ஏழாம், எட்டாம் வாக்கியங்கள் ஒரே குடும்பத்து வினைகளைச் சேர்ந்தவை: வாஷ், ஷேவ், டிரெஸ். இவற்றுக்குப் பிறரைச் செயப்படுபொருளாக வைக்கலாம். நர்ஸ் நோயாளியைக் கழுவிவிடலாம், தாய் குழந்தைக்கு உடுத்திவிடலாம். யாரையும் சொல்லாமல் விட்டால், தன்னைத்தான் என்று ஆங்கிலம் தானாகவே எடுத்துக்கொள்ளும். காலையில் எழுந்து சவரம் செய்தவர் வேறு யார் முகத்தை மழிக்கப் போகிறார்? ஏழாவது கோடு காலி.

எட்டாவதில் நிலைமை மாறுகிறது. பையனுக்கு நாலு வயதுதான். இதுவரை அம்மாவோ அப்பாவோ உடுத்திவிட்டிருப்பார்கள். இப்போது அவனே செய்கிறான் என்பதுதான் செய்தி. பிறர் செய்திருக்கக்கூடிய வேலையைத் தானே செய்வதை அழுத்திச் சொல்லும்போது ‘ஹிம்செல்ஃப்’ வருகிறது. கையில் கட்டுப்போட்டவர், முதியவர், சிறு குழந்தை என்று வாக்கியத்தில் யாராவது தென்பட்டால் ‘செல்ஃப்’க்கு இடமிருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

எந்த ‘செல்ஃப்’ என்பதிலும் தமிழ் மாணவர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. நாம் ஒரே ஒருவரை மரியாதையாக ‘நீங்கள்’ என்போம், ‘அவர்’ என்போம். ஆங்கிலம் மரியாதையைப் பார்ப்பதில்லை, தலையைத்தான் எண்ணுகிறது. தலைமையாசிரியர் ஒருவரிடம் பேசினால் ‘என்ஜாய் யுவர்செல்ஃப், சார்’. விருந்துக்கு வந்த பத்துப் பேரிடம் சொன்னால் ‘என்ஜாய் யுவர்செல்வ்ஸ்’. மூலத்தில் இருப்பது ‘யூ’ என்ற ஒரே சொல் என்பதால், கோடிட்ட வாக்கியத்தில் அழைக்கப்படுபவர் ஒருவரா பலரா என்பதற்கான தடயத்தைத் தேட வேண்டும். நான்காம் வாக்கியத்தில் ‘ரவி’ என்ற பெயர் அந்த வேலையைச் செய்கிறது. ‘சில்ட்ரன்’ என்று அழைத்திருந்தால் விடை ‘யுவர்செல்வ்ஸ்’ ஆகியிருக்கும்.

இனி ‘செல்ஃப்’ இல்லாமல் நகரவே நகராத வினைகள் சில. நம் அலுவலகக் கோப்புகளில் ஒன்று நிரந்தரமாக வாழ்கிறது: அனுமதியின்றி வேலைக்கு வராத ஊழியருக்குப் போகும் குறிப்பாணையில் ‘அப்சென்டட் ஹிம்செல்ஃப் ஃப்ரம் டியூட்டி’ என்று இருக்கும். இந்த வழக்கில் ‘அப்சென்ட்’ வினை. அதற்குத் தற்சுட்டு வேண்டும் என்பதைக் கோப்பு எழுதுபவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சரியாகவே காப்பாற்றி வருகிறார்கள்.

அதே அலுவலகத்தில் இன்னொரு வினை தன் ‘செல்ஃப்’ஐத் தொலைத்துவிட்டது. ‘அவெய்ல்டு லீவ்’, ‘அவெய்ல் த ஆஃபர்’ என்பவை இந்திய ஆங்கிலத்தில் வங்கி விளம்பரம்வரை பரவிவிட்டன. பிரிட்டன் வழக்கில் எழுதப்படும் நூல்களில் இந்த வினைக்கு ‘ஹிம்செல்ஃப்’, ‘யுவர்செல்ஃப்’ போன்ற ஒன்றும், அதன் பின் ‘ஆஃப்’ என்ற முன்னிடைச்சொல்லும் வேண்டும். ஆகவே வெளிநாட்டுத் தேர்வு ஒன்றில் ‘ஹீ அவெய்ல்டு ____ ஆஃப் த ஆப்பர்சூனிட்டி’ என்று வந்தால், உள்ளூர் விளம்பரங்களைக் கேட்டுப் பழகிய காது கோட்டை வெறுமையாக விடச் சொல்லும். பின்னால் நிற்கும் அந்த ‘ஆஃப்’ஐக் கவனித்தவர் ‘ஹிம்செல்ஃப்’ என்று எழுதி மதிப்பெண் வாங்குவார்.