நன்றியும் பிழையுணர்தலும்

துன்பக் காலத்தில் துணைநின்ற நண்பரைப் பின்னாளில் மறந்துவிட்டவர், அவர்முன் மீண்டும் செல்லும்போது பெற்ற உதவிக்கு நன்றி கூற வேண்டும். மறந்தமைக்குப் பொறுத்தருள வேண்டவும் வேண்டும். இவ்விரண்டும் எவ்வாறு இணைகின்றன என்பதைக் கம்பராமாயணத்தின் கிட்கிந்தா காண்டம் காட்டுகிறது.

தமையன் வாலிக்கு அஞ்சி மலையில் ஒளிந்து வாழ்ந்தவன் சுக்கிரீவன். இராமன் வாலியை வீழ்த்தி, அவனை அரசனாக்கினான். கார்காலம் கழிந்ததும் சீதையைத் தேடப் படையுடன் வருமாறு கூறிவிட்டுத் தான் மலையிலேயே தங்கினான். மழை ஓய்ந்தது, சுக்கிரீவன் வரவில்லை. மதுமயக்கில் கிடந்த அவன், இலக்குவன் சினத்துடன் வந்த பின்னரே தன் பிழையை உணர்ந்தான்.

அப்போது அவன் முதலில் பழித்தது மதுவைத்தான். எனினும், அதைச் சாக்காகக் கூறித் தப்பிக்க முயலவில்லை; இனி மதுவைத் தீண்டேன் என உறுதி பூண்டான். மறதிக்குரிய காரணத்தைச் சொல்வதோடு நின்றால் அது சாக்குப்போக்கு. அக்காரணத்தைத் தன்னிடமிருந்து விலக்கும்போதுதான் அது பிழையுணர்தல் ஆகிறது.

அடுத்து, இலக்குவனைப் பொன் இருக்கையில் அமருமாறு சுக்கிரீவன் வேண்டினான். இராமன் புல்தரையில் இருக்க, தான் மெல்லிய இருக்கையில் அமர்வதோ என மறுத்து, இலக்குவன் வெறுந்தரையில் அமர்ந்தான். அது கண்டு சுக்கிரீவன் வருந்தினான். தான் மறந்திருந்த நாள்களில் நண்பன் எவ்வாறு வாழ்ந்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் புலனாயிற்று.

ஆகவே, இராமனிடம் அவன் பொதுப்படப் பேசவில்லை. பெறுதற்கரிய செல்வத்தை உன்னால் பெற்றேன். எல்லாத் திசைகளிலும் தேடும் ஆற்றல் இருந்தும் தேடவில்லை. நீ வருந்தியிருக்க, நான் இன்பமாக வாழ்ந்தேன் என்னும் பொருள்படக் கூறினான். இதில் பெற்றது இன்னது, செய்யாதது இன்னது, அதனால் நண்பன் பட்டது இன்னது என மூன்றும் தனித்தனியே விளங்குகின்றன. நன்றி முன்னே நிற்பதால்தான் பின்வரும் பிழையின் அளவு தெரிகிறது. நன்றியை மட்டும் கூறியிருந்தால் அது முகமனாகியிருக்கும். பொறுக்க வேண்டுவதை மட்டும் கூறியிருந்தால், எதை மறந்தான் என்பதே விளங்காது போயிருக்கும்.

பின்னர் வானரப் படை வந்து சேர்ந்தது. நான்கு திசைகளுக்கும் படைகள் அனுப்பப்பட்டன; ஒரு திங்களுக்குள் திரும்ப வேண்டும் எனத் தவணையும் விதிக்கப்பட்டது.

நாம் நண்பருக்கு எழுதும் மடலுக்கும் இவ்வொழுங்கு பொருந்தும். ‘அன்று செய்ததற்கெல்லாம் நன்றி, வேலைப்பளுவால் பேச இயலவில்லை’ என்பதில் உதவியும் இல்லை, பிழையும் இல்லை. ‘தந்தையார் மருத்துவமனையில் இருந்தபோது இரவெல்லாம் உடனிருந்தாய். உன் தாயார் மறைந்தபோது நான் வரவில்லை. அத்துயரில் உன்னைத் தனியே விட்டேன். ஞாயிறன்று உன்னைக் காண வருகிறேன்’ என்பதில் நான்கும் உள்ளன. ‘என்னைப் பொறுத்தாயா?’ என விடை கேட்டு நெருக்குதல் ஆகாது. கழிந்த நாள்களை எந்த மடலும் மீட்டுத் தராது; விடையளிக்கும் உரிமையும் அதற்குரிய காலமும் நண்பருக்கே உரியவை.