கோடை முகாம்: தண்ணீரில் இருபது பேர், பார்ப்பது யார்?

முழுப் பரீட்சை முடிந்ததும் சென்னையில் தெருவுக்குத் தெரு கோடை முகாம் பலகை முளைத்துவிடுகிறது. இரண்டாம் வகுப்பு முடித்த மகளை வீட்டுக்கு அருகில் ஒரு முகாமில் சேர்த்தோம். பத்து நாள், காலை 9 முதல் 12 வரை, கட்டணம் 6,000 ரூபாய். நீச்சல், களிமண் வேலை, சதுரங்கம், கதை நேரம்.

நோட்டீஸில் 'பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர்' என்று போட்டிருந்தார்கள். ஐம்பது பிள்ளைகள், ஐந்து பேர், கணக்கு சரிதான். ஆனால் அந்த ஐந்தில் ஒருவர் அலுவலக மேசையில் இருப்பார், இன்னொருவர் ஆயாம்மா. நீச்சல் குளத்தில் இருபது பிள்ளைகளுக்கு ஒரே கோச். அவர் ஒரு குழந்தையின் வயிற்றைத் தாங்கிக் கால் உதைக்கப் பழக்கும்போது மற்ற பத்தொன்பது பேரும் அவர் முதுகுக்குப் பின்னால். கரையில் உயிர்காப்பாளர் இருந்தார், கண் செல்போனில்.

சினிமாவில் வருவதுபோல் மூழ்கும் குழந்தை கையை ஆட்டிக் கத்தாது. மூச்சு விடவே வாய் போதாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய, உடல் செங்குத்தாக நிற்க, ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடலாம். பக்கத்தில் நிற்பவருக்கு விளையாடுவது போலத்தான் தெரியும். அதனால் சொல்லித்தருபவர் வேறு, பார்த்துக்கொள்பவர் வேறாக இருக்க வேண்டும். பெற்றோர் சிலர் சேர்ந்து கேட்ட பிறகு உயிர்காப்பாளரின் செல்போன் உள்ளே போனது. பிள்ளைகளை ஜோடி சேர்த்து, விசில் ஊதும்போதெல்லாம் ஜோடியின் கையைப் பிடித்து நிற்கச் சொன்னார்கள். தனியாக நிற்கும் பிள்ளை உடனே கண்ணில் படும். நல்ல ஏற்பாடு. முதல் நாளே செய்திருக்கலாம்.

பிள்ளையை ஒப்படைப்பதில் குறை சொல்ல முடியாது. அட்டை இல்லாமல் வந்த ஒரு தாத்தாவை, பேத்தி "தாத்தா" என்று ஓடிவந்தும், அம்மாவிடம் போனில் கேட்ட பிறகே அனுப்பினார்கள். தாத்தாவுக்குக் கோபம்தான்.

கட்டணத்துக்கு வருவோம். முப்பது மணி நேரத்துக்கு 6,000 என்றால் மணிக்கு 200 ரூபாய். நீச்சலுக்கு ஒதுக்கிய முக்கால் மணியில் உடை மாற்றவே கால் மணி. மிச்சம் அரை மணியை இருபது பேருக்குப் பங்கிட்டால் கோச்சின் கை ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். பத்து நாளிலும் மகள் கம்பியை விடவில்லை. களிமண் வகுப்பில் எட்டுப் பேர்தான். உருண்டையில் கட்டைவிரலை அழுத்திச் சுற்றிச் சுற்றி அகல் பிடிக்கவும், வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும் என்று நிழலில் காயவைக்கவும் கற்றுக்கொண்டாள். சதுரங்கமும் கதையும் பொழுதுபோக்கு, அவ்வளவே.

களிமண்ணுக்கு மட்டும் தனிக் கட்டணம் என்றால் மறுபடி சேர்ப்பேன். நீச்சலுக்கு மாட்டேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் குளங்களிலும் பயிற்சி உண்டு, அங்கே விசாரிக்கலாம். எங்கே சேர்த்தாலும் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: ஒரே நேரத்தில் தண்ணீரில் எத்தனை பிள்ளைகள், வேறு வேலையில்லாமல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? முதல் நாள் கரையில் நின்று பார்க்க விடமாட்டோம் என்றால் அந்த முகாம் வேண்டாம்.