வெள்ளைத் துண்டும் ஒரு புகைப்படமும்

கல்யாணத்துக்குப் புடவை தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கைப்பேசியில் படம் அனுப்புகிற பெண்களில் பாதிப்பேர், கூடவே ஒரு வரி எழுதுவார்கள்: "நான் கொஞ்சம் கறுப்புக்கா, எனக்கு லைட் கலர் எடுபடுமா?" இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறேன். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு புடவையைக்கூட என்னால் சரியாகத் தேர்ந்தெடுக்க முடிந்ததில்லை. படத்தை வைத்து முடியும். ஆனால் அது உண்மையைச் சொல்கிற படமாக இருக்க வேண்டும்.

போன தை மாதம் சென்னையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை படம் அனுப்பியிருந்தார். அண்ணன் மகளுக்குக் கல்யாணம், இவர் அத்தை. காலை ஏழரைக்கு முகூர்த்தம், மாலையில் வரவேற்பு. இரவில், மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில், பச்சைச் சுவர் ஓரமாக நின்று எடுத்த படம். கையில் காப்பிப்பொடி நிறப் பட்டு. "இதையே முகூர்த்தத்துக்குக் கட்டிக்கிறேன், போட் நெக் வச்சுத் தைங்க" என்று கேட்டிருந்தார். படத்தில் முகம் வெளுப்பாகவும் புடவை அடர்த்தியாகவும் இருந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கைப்பேசிக் கேமரா நம் கண் பார்ப்பதை அப்படியே பதிவு செய்வதில்லை. வெளிச்சத்தில் இருக்கும் மஞ்சளைக் குறைக்கப் பார்க்கும். பின்னால் பெரிய பச்சைச் சுவர் இருந்தால் அந்தக் கணக்கும் பிசகும். முகம் இருட்டாகத் தெரிந்தால் தானாகவே பளிச்சென்று ஆக்கிவிடும். அழகூட்டும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் தோலின் நிறமே போய்விடும். ஆகவே வேறு படம் கேட்டேன். காலை ஒன்பது மணிக்கு, வெயில் நேரே விழாத பால்கனி ஓரத்தில், அழகூட்டலை அணைத்துவிட்டு, தோளில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு எடுக்கச் சொன்னேன். துண்டு எதற்கென்றால், படத்தில் அது மஞ்சளாகத் தெரிந்தால் முகமும் அவ்வளவு மஞ்சளேறித்தான் இருக்கும். நீலம் பாய்ந்திருந்தால் முகத்திலும் நீலம் உண்டு. துண்டு வெள்ளையாகத் தெரிகிற படம் வரும்வரை எடுக்க வேண்டும். பார்க்கிற நானும் என் கைப்பேசியில் கண்ணுக்கு இதமாக மஞ்சள் காட்டும் வசதியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன்.

இரண்டாவது படத்தில் அவர் முகம் செம்மை கலந்த நல்ல மாநிறம். அதே வெளிச்சத்தில் அந்தப் புடவையையும் பிடிக்கச் சொல்லி, வந்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். முகமும் புடவையும் ஒரே சாம்பல் நிறம். எது முகம், எது முந்தானை என்று பிரிக்கவே கண்ணுக்கு ஒரு நொடி ஆகிறது. முகம் சோர்வாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். தோல் கறுப்பா சிவப்பா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோலின் அடர்த்தியும் துணியின் அடர்த்தியும் ஒன்றாகிப் போவதுதான் சிக்கல். வெளுத்த பெண் வெளிர் சந்தன நிறம் கட்டினாலும் இதேதான் நடக்கும்.

அப்படியானால் அந்தப் பட்டை ஒதுக்கிவிட வேண்டியதுதானா? இல்லை. முந்தானை ஒரு தோளில்தான் ஏறுகிறது. கழுத்தைச் சுற்றி, முகத்துக்கு மிக அருகில் இருப்பது ரவிக்கைத் துணி. அதனால் நிறத்தைச் சரிசெய்கிற இடமும் அதுதான். புடவையோடு வந்த அதே நிற ரவிக்கைத் துணியை வெட்டாமல் வைத்துவிட்டு, ஜரிகை ஓடிய தந்த நிறத் துணி எடுத்தோம். முகத்துக்கும் புடவைக்கும் நடுவில் ஒரு வெளிச்சம் வந்தது. மாலை வரவேற்புக்கு அது ஆகட்டும் என்று முடிவு செய்தோம்.

காலைக்கு அவர் பெட்டியில் இருந்த மாம்பழ மஞ்சளைச் சொன்னேன். வாடாமல்லிக் கரை, ரவிக்கையும் வாடாமல்லி. மண்டபத்து மஞ்சள் விளக்கில் நீலமும் கத்தரிப்பூவும் மங்கிப்போகும். மஞ்சளும் சிவப்பும் எழும்பும். பெண்ணுக்கு அரக்குக் கூறை என்று கேட்டுத் தெரிந்துகொண்டதால் அரக்கை நாங்கள் தொடவில்லை. மயில் கழுத்து நிறப் பட்டு ஒன்றும் இருந்தது. அதில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் மடிப்புக்கு மடிப்பு மாறும். ஒரு படத்தை நம்பி அதற்கு ரவிக்கை எடுக்கக் கூடாது; புடவையை அசைத்து வீடியோ எடுத்துப் பார்க்க வேண்டும். நேரமில்லாததால் அதை விட்டுவிட்டோம்.

வாடாமல்லித் துணி வாங்கப் போனபோது கடை விளக்கில் கரையோடு அச்சாகப் பொருந்தியது. வாசலுக்குக் கொண்டுவந்தால் துணியில் நீலம் அதிகம். இரண்டும் வேறு வேறு சாயம். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிகிற சாயங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். மேட்சிங் கடையில் துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற நம் அம்மாக்கள் செய்தது முழுக்கச் சரி. இரண்டாவது துணி வாசலிலும் உள்ளேயும் பொருந்தியது, அதையே வாங்கினோம்.

இனி தைப்பு. இதற்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு படம் வேண்டும். நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கையோடு, கொண்டை போட்டு, கைகளைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். எடுப்பவர் பத்தடி தள்ளி நின்று கைப்பேசியை இடுப்புக்குச் சற்று மேலே பிடிக்க வேண்டும். கை நீட்டித் தானே எடுத்த படத்தில் அருகில் இருப்பது பெருத்துத் தெரியும். அதைப் பார்த்து மாடல் சொன்னால் தப்பாகும்.

அவர் படத்தில் தோள் அகலம், கழுத்து குட்டை. போட் நெக் தோளை இன்னும் அகலமாக்கும், கழுத்தை மூடும். அவர் போட நினைத்த ஆரத்துக்கும் இடமிருக்காது. அதனால் முன்கழுத்தை ஏழு அங்குலம் இறக்கி, சற்றே கூர்மையான வட்டமாக வைத்தோம். பழைய ரவிக்கையின் கை, மேல்கையின் பருமனான இடத்தில் முடிந்திருந்தது. கண் அங்கேதான் போய் நிற்கும். மூன்று அங்குலம் நீட்டி முழங்கைக்குச் சற்று மேலே முடித்தோம். பின்பக்கப் படத்தில் இன்னொன்றும் தெரிந்தது: வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அகலமான பானை நெக் வைத்தால் அந்தப் பக்கம் நழுவிக்கொண்டே இருக்கும். பின்கழுத்து அகலத்தைக் குறைத்து, இரண்டு தோளையும் இழுத்துப் பிடிக்க மேலே கயிறு வைத்தேன்.

படம் சொல்வது இவ்வளவுதான். அளவு சொல்லாது. அதற்கு அளவு ரவிக்கையைக் கூரியரில் வாங்கிக்கொண்டேன். கையில் ஆரி வேலை வேண்டுமென்றால் துணியை வெட்டுவதற்கு முன்பே, சட்டத்தில் கட்டிச் செய்வார்கள். கை நீளத்தைப் பிறகு மாற்ற முடியாது. அத்தை ஆரத்தி எடுக்க வேண்டும், தட்டு தூக்க வேண்டும். வேலைப்பாடு செய்த பட்டு இழுத்துக் கொடுக்காது. அதனால் கைச்சுற்றில் தாராளமாகவே விட்டேன். தைத்து அனுப்பியதும், கண்ணாடி முன் நிற்பதற்கு முன்னால் இரண்டு கையையும் மேலே தூக்கிப் பார்க்கச் சொன்னேன்.

அடுத்த முறை தையல்காரருக்கோ கடைக்கோ படம் அனுப்பும்போது, உங்கள் நிறத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். வெள்ளைத் துண்டோடு ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், முகூர்த்தம் எத்தனை மணிக்கு, அன்றைக்கு உங்களுக்கு என்ன வேலை. இவற்றை அனுப்புங்கள்.