60 டிகிரி எங்கிருந்து?

பாரம் தூக்கும் பெல்ட்டின் லேபிளில் டபிள்யூ.எல்.எல். என்று மூன்று ஆங்கில எழுத்துகளும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். ஊதா நிற பெல்ட் 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். நிறங்கள் அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் மனப்பாடம். சென்னைக்கு அருகில் ஒரு தொழிற்சாலையின் சுவரில் ஒட்டுவதற்காக, பெல்ட், கம்பிக்கயிறு, ஷாக்கிள், செயின் பிளாக் ஆகியவற்றைச் சோதிக்கும் அட்டவணையைத் தமிழாக்க உட்கார்ந்தபோது, அந்த மூன்று எழுத்துகளிலேயே எனக்குக் கை நின்றுவிட்டது.

முதலில் ‘பணிச்சுமை வரம்பு’ என்று எழுதினேன். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் பணிச்சுமை என்றதும் நமக்கு ஆபீசில் குவியும் ஃபைல்கள்தான் நினைவுக்கு வரும். அடித்துவிட்டு ‘அதிகபட்ச சுமை’ என்று மாற்றினேன். இது முன்னதைவிட ஆபத்து. அதிகபட்சம் என்பதைப் பொருள் அறுந்துபோகும் எல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். லேபிளில் இருப்பது அந்த எல்லை அல்ல. பாலியஸ்டர் பெல்ட் அந்த எண்ணைப்போல் ஏழு மடங்கு சுமையில்தான் அறும் என்ற கணக்கில் செய்யப்படுகிறது. கம்பிக்கயிற்றுக்கு ஐந்து மடங்கு, சங்கிலிக்கு நான்கு. அந்த மிச்சம் கூடுதலாக ஏற்றிக்கொள்ளத் தந்த சலுகை அன்று. தூக்கும்போது விழும் வெட்டு, தேய்மானம், வெயில் எல்லாவற்றையும் அதுதான் தாங்க வேண்டும்.

மூன்றாவதாக ‘இதற்கு மேல் ஏற்றக் கூடாத எடை’ என்று எழுதினேன். லேபிளோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக அந்த மூன்று எழுத்துகளையும் பக்கத்திலேயே வைத்தேன். அங்கே பல வருடமாக பெல்ட் கட்டும் கலாசி ஒருவர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, “சார், இது நேரா தொங்கும்போதுதானே? சாய்ச்சுப் போட்டா?” என்றார்.

அந்தக் கேள்வி அட்டவணையின் மிக முக்கியமான வரிக்கு என்னைக் கொண்டுபோனது. மூலத்தில் ‘60 டிகிரி’ என்று மட்டும் இருந்தது. அமெரிக்க அட்டவணைகள் சாய்வைத் தரைமட்டக் கோட்டிலிருந்து அளக்கும். ஐரோப்பிய அட்டவணைகள் செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்கும். இரண்டு பெல்ட்டுகளுக்கும் இடையில் உள்ள கோணத்தைச் சொல்கிற அட்டவணைகளும் உண்டு. எண் ஒன்றுதான், பெல்ட் படும் பாடு வேறு.

1.5 டன் இயந்திரம் ஒன்றை இரண்டு ஊதா பெல்ட்டுகளில் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். நேராகத் தொங்கினால் ஒவ்வொன்றுக்கும் முக்கால் டன். தரைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் சாய்ந்தால் ஒவ்வொன்றின் இழுவை சுமார் 0.87 டன் ஆகும். பெல்ட் 1 டன்னுக்குரியது, கவலை இல்லை. அதே 60 டிகிரியைச் செங்குத்திலிருந்து அளந்து கட்டினால் ஒவ்வொரு பெல்ட்டும் 1.5 டன் இழுவையைச் சுமக்கும். வரம்பைவிடப் பாதிக்குப் பாதி அதிகம். அன்றைக்கு அறாது, சுமையும் மேலே போய்விடும். அதனால்தான் யாருக்கும் தவறு தெரியாது.

மேலே தொங்கும் சுமைக்குப் பக்கத்தில் யாரும் கோணமானி பிடித்து நிற்கப்போவதில்லை. எனவே கோணத்தை நீளமாக மாற்றி எழுதினோம்: ‘சுமையில் பெல்ட் மாட்டும் இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரம், ஒரு பெல்ட்டின் நீளத்தைத் தாண்டக் கூடாது.’ 2 மீட்டர் பெல்ட் என்றால் 2 மீட்டர் இடைவெளி. மூன்று பக்கமும் சமமான முக்கோணம் அது, தரைமட்டத்திலிருந்து சரியாக 60 டிகிரி. இடைவெளி ஏறக்குறைய மூன்றரை மீட்டருக்குப் போனால் மேலே சொன்ன ஆபத்தான சாய்வு வந்துவிடும். அளக்க ஒரு டேப் போதும். லேபிள் வரியிலும் ‘நேராகத் தொங்கும்போது’ என்று சேர்த்தேன்.

கம்பிக்கயிற்று வரியில் என் பிழை வேறு மாதிரி. அறுந்த கம்பிகளை எண்ண வேண்டிய நீளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ‘அடுக்கு’ என்று எழுதிவிட்டேன். கயிற்றில் அடுக்கு எங்கே இருக்கிறது? நம் ஊரில் கயிறு திரிப்பவர்களுக்குப் புரி என்றால் தெரியும். கம்பிகள் சேர்ந்து புரி, புரிகள் சேர்ந்து கயிறு. ஒரு புரி கயிற்றை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வரும் தூரம்தான் அந்த நீளம். அதற்குள் 10 கம்பிகள் அறுந்திருந்தாலும், ஒரே புரியில் 5 அறுந்திருந்தாலும் கயிறு கழிவு என்றது மூலம். புரி ஒன்றின் மேல் சாக்பீசால் கோடு போட்டு, அது மறுபடி அதே பக்கத்துக்கு வரும் இடம் வரை எண்ணச் சொல்லி, படமும் வரைந்தோம்.

கடைசிக் கட்டத்தில் ‘சேவையிலிருந்து நீக்கவும்’ என்று வைத்திருந்தேன். நீக்கிய பெல்ட் மூலையில் கிடக்கும், அவசரத்துக்கு யாராவது எடுத்துவிடுவார்கள் என்றார் கலாசி. பேனாவை அவரிடமே கொடுத்தேன். லேபிளைப் படிக்க முடியாத பெல்ட்டுக்கும் தையல் பிரிந்த பெல்ட்டுக்கும் நேரே அவர் எழுதியது: ‘இரண்டாக வெட்டிப் போடு.’